சகலையைவிட ஒரு விழுக்காடு

எந்த வீட்டுக்குப் போனாலும் குஷன்காரர் முதலில் சோபாவை விசாரிப்பார், அப்புறம்தான் மனிதர்களை. உட்காருவதற்கு முன் வலது கைக் கட்டைவிரலால் மெத்தையை ஓர் அழுத்து அழுத்துவார். குழி எவ்வளவு நேரத்தில் மேலே வருகிறது என்று பார்ப்பார். உடனே வந்தால் நல்ல ஃபோம். யோசித்து வந்தால் மட்டம். வராமலே போனால் அந்த வீட்டுக்காரர் ஏமாந்த ஆள் என்று மனதில் எழுதிக்கொள்வார். முப்பது வருடமாக இதே கட்டைவிரல். இருக்கைக்கு மெத்தை தைத்துக் கொடுப்பது அவர் தொழில். சோபா, உணவகத்து நாற்காலி, மருத்துவமனைப் பெஞ்சு, பேருந்து ஓட்டுநர் சீட்டு என்று மனிதன் பின்புறத்தை வைக்கும் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. இயற்பெயர் வங்கிக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் மட்டும்தான் தெரியும்.

நல்ல வேலைக்காரர். தையல் நேராக ஓடும். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே கொடுத்துவிடுவார். வாடிக்கையாளர் வீட்டில் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்காத கூச்சக்காரர். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். சகலைக்கு நல்லது நடந்தால் இவருக்குச் சோறு இறங்காது.

சகலை என்பது மனைவியின் தங்கை கணவர். இவரைவிட ஏழு வயது இளையவர். வீடு வீடாக ஏறித் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தவர், நாலு வருடத்துக்கு முன்னால் திடீரென்று சோபாக் கடை போட்டார். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. இரண்டு தையல்காரரை வைத்துக்கொண்டார். குஷன்காரருக்கு அதுவே பெரிய அவமானமாகப் பட்டது. நீந்தத் தெரியாதவன் படகு ஓட்டுகிறான், அதுவும் தனக்கு முன்னால் ஓட்டுகிறான் என்பது போல.

கொழுந்தியாள் மாடிப்படியில் கால் பிசகி விழுந்துவிட்டாள் என்று கேட்டுப் பார்க்கப் போனபோதுதான் கதை தொடங்கியது. கூடத்தில் புது சோபா. குஷன்காரர் அழுத்திப் பார்த்தார். குழி விரலைத் துரத்திக்கொண்டு மேலே வந்தது. நாற்பது டென்சிட்டி, கெட்டியான ரகம். அவர் வாங்கும் அதே கம்பெனி, அதே சரக்கு. மனம் இலேசாகச் சுருங்கியது. ஆனாலும் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்தவளிடம் வலி எப்படி என்று முறையாகக் கேட்டார்.

வலி பரவாயில்லை என்றாள் கொழுந்தியாள். அடுத்த மூச்சிலேயே, "மாமா, உங்களுக்குத் தெரியுமா, இவரு ஃபோமுக்குப் பதினொரு பர்சன்ட் கழிவு வாங்குறாரு. எனக்கே பெருமையா இருக்கு" என்றாள்.

டீ தொண்டையில் திசைமாறியது. சகலை எழுந்து வந்து முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலும் எரிந்தது.

பதினொரு வருடமாக அந்தக் கம்பெனியில் சரக்கு எடுக்கிறார் குஷன்காரர். அவருக்குக் கிடைப்பது நூற்றுக்கு மூன்று. அதையும் அவராகக் கேட்டதில்லை. ஒரு முறை பில்லில் தானாகத் தள்ளுபடி ஆகியிருந்தது, பழைய ஆள் என்று மதிக்கிறார்கள் என மகிழ்ந்திருந்தார். இப்போது அந்த மூன்று பிச்சைக்காசு மாதிரி கண்ணில் நின்றது. எப்படி வாங்கினீர்கள் என்று சகலையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் தண்ணீர் வடிகட்டி விற்றவரிடம் ஃபோம் வாங்கக் கற்றுக்கொள்வதா? வாயைத் துடைத்துக்கொண்டு, வானிலையைப் பற்றிப் பேசினார். மனைவி அடுக்களையில் தங்கையின் பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்துக்கொண்டே ஏதேதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் இரண்டு சிக்னல் வரைக்கும் பொறுத்தாள்.

"பதினொண்ணா?" என்றாள்.

"எதைச் சொல்ற?"

"காதுல புகை வருதே, அதைச் சொல்றேன்."

பட்டறையில் ஆர்டர் நோட்டு அவள் பொறுப்பு. துணி வெட்டுவதும் அவள்தான். மாதம் எத்தனை ஃபோம் ஷீட் தீர்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆறடிக்கு மூன்றடி, நாலங்குலக் கனம், மெலிந்த மாதத்தில் நாற்பத்திரண்டு, கொழுத்த மாதத்தில் ஐம்பத்தெட்டு, சராசரி ஐம்பது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் வழி சொல்லிவிட்டாள். பழைய வாடிக்கை என்று போய் நின்றால் டீதான் வாங்கிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது நிச்சயம். வருடத்துக்கு இவ்வளவு எடுப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் தொழிற்சாலையில் அதற்கு ஏற்றபடி ஃபோம் ஊற்றி வைக்கலாம், விற்குமோ விற்காதோ என்ற பயம் இல்லை. அந்தப் பயம் போவதற்கு அவர்கள் ஒரு விலை கொடுப்பார்கள். அதுதான் கழிவு.

"அறுநூறு நமக்கு நிச்சயம். அதுக்கு மேல வாய் தவறிக்கூடச் சொல்லாதீங்க" என்றாள். "எட்டு கேளுங்க, ஏழுக்கு ஒத்துக்குங்க. எழுநூறைத் தாண்டிட்டா வருஷக் கடைசியில மொத்தத்துக்கும் இன்னொரு ரெண்டு தரச் சொல்லுங்க. தாண்டினா லாபம், தாண்டாட்டி நஷ்டமில்ல. அகலக்கால் வைக்காதீங்க."

அவர் தலையாட்டினார். ஆட்டிய தலைக்குள் பதினொன்று ஓடிக்கொண்டிருந்தது.

கம்பெனியின் விற்பனை அலுவலகம் கிடங்குக்கு மேலே ஒரு மாடியில் இருந்தது. கீழே பாளம் பாளமாக ஃபோம். மேலே ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. மேசையில் மாதிரித் துண்டுகள் சோப்புக்கட்டி போல வரிசையாக இருந்தன. பேச வந்த மேலாளர் ஒரு பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். கால்குலேட்டரைக் கண் பார்க்காமல் விரலாலேயே தட்டக்கூடியவர். குஷன்காரர் மாதிரித் துண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

பதினொரு வருடமாக வருகிறேன் என்று தொடங்கினார் குஷன்காரர்.

"அந்தப் பதினொரு வருஷத்துக்கு ரொம்ப நன்றி சார்" என்றார் மேலாளர். "ஆனா விலை போடறது வரப்போற வருஷத்துக்குத்தான். வரப்போற வருஷம் எவ்வளவு எடுப்பீங்க?"

மனைவி சொன்னது அப்படியே நடந்தது. அறுநூறு என்றார், ஐந்து என்றார் மேலாளர். வருடம் முழுக்க நாற்பது டென்சிட்டி, நாலங்குலம், வேறு எதுவும் கேட்க மாட்டேன், உங்கள் ஆட்கள் எனக்காக இயந்திரத்தை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டாம் என்றார்; அது ஆறாயிற்று. மாதம் தவறாமல் ஐம்பது, இருபத்தைந்தாம் தேதிக்குள் ஆர்டர் சொல்லிவிடுவேன், கடைசி நேரத்தில் அவசரம் என்று நிற்க மாட்டேன் என்றார். மேலாளர் சிறிது யோசித்துவிட்டு ஏழு என்றார். எழுநூறைத் தாண்டினால் வருடக் கடைசியில் இன்னும் இரண்டு, அதற்கும் தலையசைத்தார். மூலப்பொருள் ஏறினால் விலைப்பட்டியல் ஏறும், அதைத் தடுக்க முடியாது, ஆனால் கழிவு மாறாது என்று அவராகவே தெளிவுபடுத்தினார். குஷன்காரருக்கு வியப்பாக இருந்தது. கெஞ்சவில்லை, பழங்கதை பேசவில்லை. ஒன்று கொடுத்து ஒன்று வாங்கியிருக்கிறார். மூன்று ஏழாகிவிட்டது. மேலாளர் தொழிற்சாலையில் ஒப்புதல் கேட்டு வருகிறேன் என்று பக்கத்து அறைக்குப் போனார்.

அப்போது அவர் சும்மா உட்கார்ந்திருந்திருக்கலாம். மாதிரித் துண்டுகளை இன்னொரு சுற்று அழுத்தியிருக்கலாம். கண் வெள்ளைப் பலகைக்குப் போனது. அந்த வாரம் எந்த லாரியில் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல். நாலாவது வரியில் சகலையின் கடைப் பெயர். பக்கத்தில் நூற்றிருபது.

நூற்றிருபது. மாதம் நூற்றிருபது. பன்னிரண்டால் பெருக்கினார். ஆயிரத்து நானூற்று நாற்பது. தான் ஐம்பது, அவர் நூற்றிருபது. நாலே வருடத்தில். நூல் கோக்கத் தெரியாதவர். சற்றுமுன் வரை இனித்த ஏழு, வாயில் சக்கையாக நின்றது.

மேலாளர் காகிதத்தோடு வந்தார். ஏழு, பிளஸ் இரண்டு, எல்லாம் தட்டச்சாகியிருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"பன்னிரண்டு வேணும்" என்றார் குஷன்காரர்.

ஏன் பன்னிரண்டு என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. பதினொன்றுக்கு அடுத்தது பன்னிரண்டு, அவ்வளவுதான். வேறொருவருக்கு நீங்கள் பதினொன்று தருகிறீர்களே என்று வாய்வரை வந்ததைக் கேட்டும் விட்டார். இன்னொருவர் விலையை உங்களிடம் பேசுவதில்லை, உங்கள் விலையை அவரிடமும் பேசமாட்டேன் என்றார் மேலாளர். பன்னிரண்டு இருக்கிறது, ஆனால் அது ஆயிரத்து இருநூறுக்கு.

"சரி, எழுதுங்க."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், பத்து நிமிஷத்துக்கு முன்னாடி அறுநூறு சொன்னீங்க."

"புது ஆர்டர் ஒண்ணு வருது. பெரிய ஆர்டர்."

மேலாளர் நிதானமாக விளக்கினார். மாதம் நூறு ஷீட் வரும். கழிவு பில்லிலேயே கழிந்துவிடும். வருடத்தில் ஒரு மாதம் வேண்டாம் என்று சொல்லலாம், அடுத்த மாதத்தில் சேர்த்து எடுக்க வேண்டும். வருடக் கடைசியில் ஆயிரத்து இருநூறு வரவில்லை என்றால், உண்மையில் எவ்வளவு எடுத்தாரோ அதற்கு உரிய கழிவைப் போட்டு, வாங்கிய அத்தனை ஷீட்டுக்கும் வித்தியாசத்தைத் திரும்பக் கேட்போம். புரிகிறதா என்று இருமுறை கேட்டார். இருமுறையும் புரிகிறது என்றார் குஷன்காரர். உண்மையாகவே புரிந்தது. புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளும்போது பூனைக்கும் இரும்பு சுடும் என்று தெரிந்துதான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும், "பன்னிரண்டு" என்றார். மனைவி கத்தரியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அறுநூறுக்கா என்றாள். பேசினேன், கொடுத்தார்கள் என்றார். பொய் இல்லை, பாதிதான் இல்லை.

முதல் லாரி வந்தபோது மீதிப் பாதியும் வந்து இறங்கியது. ஐம்பது ஷீட்டுக்கு என்றிருந்த பட்டறை மூலையில் நூறு ஏற முயன்றது. நாலங்குலம்தான், ஆனால் ஐம்பதை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பதினேழு அடி. எந்தக் கூரைக்குக் கீழே அடங்கும்? இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு என்று பிரித்து வைத்தார்கள். வெட்டும் மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. மனைவி ஒன்றும் கேட்காமல் டெலிவரிச் சீட்டை வாங்கி, "நூறு" என்று வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். புது ஆர்டர் வரும் என்றார். யாரிடமிருந்து என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் மாதம் வீட்டுக்குள் வந்தது ஃபோம். கூடத்தில் ஓர் அடுக்கு, அதன்மேல் தொலைக்காட்சி. மாடியில் படுக்கையறையில் ஓர் அடுக்கு. ஜன்னல் வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும் என்று பகலிலும் திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வரவே கூடாது என்று மனைவி கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டுவிட்டாள். மூன்றாம் மாதம் கட்டிலின் கீழே இடம் தீர்ந்து, கட்டிலின் மேலே நாலு ஷீட் ஏறியது. அன்றிரவு இருவரும் கூரைக்கு வெகு பக்கத்தில் படுத்தார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டாள், எழுந்து நின்றால் தலையைச் சீவிவிடும் என்ற பயம்.

குஷன்காரரும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடம், திருமண மண்டபம், சினிமாக் கொட்டகை என்று எங்கே உட்காருகிறார்களோ அங்கெல்லாம் ஏறி இறங்கினார். ஒரு மண்டபத்தில் இருபது நாற்காலி கிடைத்தது. மற்றவர்கள் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அவருக்கு அடுத்த வருடம் வரைக்கும் நேரம் இல்லை. போகும் வழியில் சகலையின் கடை வாசலை மெதுவாகக் கடப்பார். கண்ணாடிக்குப் பின்னால் சோபாக்கள் மினுங்கும். இவர்கள் மாதம் நூற்றிருபது தீர்க்கிறார்களே, எங்கே விற்கிறார்கள் என்று வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார். உள்ளே இரண்டு பேர்தான் நின்றுகொண்டிருப்பார்கள். ரகசியமாக விற்கிறார்கள் போலிருக்கிறது என்று அதற்கும் எரிவார்.

நாலாவது லாரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மனைவி ஆர்டர் நோட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். வந்தது முந்நூறு. தீர்ந்தது நூற்று ஐம்பத்தெட்டு. நிற்பது நூற்று நாற்பத்திரண்டு. வருடக் கடைசியில் திரும்பக் கட்ட வேண்டியதையும் ஓரத்தில் குறித்திருந்தாள். அது அவர்கள் போன வருடம் வாங்கிய தையல் இயந்திரத்தின் விலையைவிட அதிகம்.

"இப்பவாவது சொல்லுங்க. எதைப் பார்த்து ஆயிரத்து இருநூறுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

சொன்னார். பலகையைச் சொன்னார், நாலாவது வரியைச் சொன்னார், நூற்றிருபதைச் சொன்னார். சொல்லச் சொல்லத் தன் குரல் சின்னப் பையன் குரல் போல ஆவதை அவரே கேட்டார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதானே எடுக்கறாங்க."

குஷன்காரர் நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"மாசம் அறுபது. ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து ஒரே லாரியில எடுத்தா கம்பெனிக்கு வண்டிச் செலவு ஒண்ணாப் போகுது, அதுக்குத் தனியா மூணு. அறுபது அறுபதா வருஷத்துக்கு எழுநூத்திருபது எழுதிக் கொடுத்ததுக்கு எட்டு. எட்டும் மூணும் பதினொண்ணு. அன்னைக்கே அடுக்களையில தங்கச்சி சொன்னா. பின்னாடி ரூம் நெறஞ்சு மாடிப்படி வரைக்கும் ஃபோமாக் கெடக்குது, கால் வைக்க எடமில்லாமத்தான் படியில தாவப் போய் விழுந்தேன்னு சொன்னா. நீங்க கூடத்துல உக்காந்து வானிலை பேசிட்டிருந்தீங்க."

ஃபோம் என்பது முக்கால்வாசி காற்று. லாரி சுமப்பது எடையை இல்லை, இடத்தை. இது குஷன்காரருக்குத் தெரியாததா? பாதி லாரி வந்தாலும் முழு லாரி வந்தாலும் வாடகை ஒன்றே என்று முப்பது வருடமாகத் தெரியும். எண்ணைப் பார்த்தபோது தொழில் மறந்து, சகலை மட்டும் நினைவில் நின்றுவிட்டார்.

வழி ஒன்றுதான் இருந்தது. அது சகலையின் வீட்டு வழியாகப் போனது. இங்கே ஐம்பது, அங்கே அறுபது. சேர்த்தால் மாதம் நூற்றுப்பத்து. வருடத்துக்கு ஆயிரத்து முந்நூற்று இருபது. சகலையின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது என்பதும் அடுக்களை வழியாகவே வந்தது. போய்க் கேளுங்கள் என்றாள் மனைவி. நீ தங்கச்சியிடம் பேசிவிடேன் என்றார். அவள் கட்டிலின் மேலிருந்த நாலு ஷீட்டைக் காட்டினாள். அதற்கு மேல் பேச்சில்லை.

யாரைவிட உயரே நிற்க வேண்டும் என்று இவ்வளவும் செய்தாரோ, அவர் முன்னால் போய்க் கை நீட்ட வேண்டும். நீட்டினால் தன் பன்னிரண்டு அவருக்கும் போகும். நீட்டாவிட்டால் பன்னிரண்டே போகும். மூன்று நாள் இதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுட்டது. நாலாம் நாள் போனார்.

சகலை கடையில்தான் இருந்தார். குஷன்காரர் எல்லாவற்றையும் சொன்னார், பலகையைத் தவிர. சகலை இடையில் ஒரு முறை, "பன்னிரண்டா!" என்று புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவத்துக்காகவே மூன்று மாதம் ஃபோமுக்குள் வாழ்ந்தது வீண்போகவில்லை என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான்.

"போவோம் சகலை. ஆனா வெறுங்கையோட போகக்கூடாது" என்றார் சகலை. "அந்த அம்மாவுக்கு இதுல என்ன லாபம்? உங்க ஆயிரத்து இருநூறு, என்னோட எழுநூத்திருபது, ரெண்டும் தனித்தனியாக் கையில வெச்சிருக்காங்க. அதை ஒண்ணாக் கட்டிக் குறைச்சுக் கொடுங்கன்னா யாரு கொடுப்பா?"

தண்ணீர் வடிகட்டி விற்றவர் சரியாகத்தான் சொன்னார். அதுவும் எரிந்தது.

மறுநாள் இருவரும் மாடியேறினார்கள். மேலாளர் குஷன்காரரைப் பார்த்ததும், எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். போன மாதமே வண்டிக்காரர் சொல்லிவிட்டாராம், வீட்டுக்குள் இறக்கினோம் என்று. சகலையை முந்திக்கொண்டு குஷன்காரர் பேசினார். இந்த முறை அவர் கண் பலகைப் பக்கம் போகவில்லை. இரண்டு கடைக்கும் ஒரே ஆர்டர், மாதம் நூற்றுப்பத்து. இரண்டு இடத்துக்கு வண்டி வேண்டாம். மாதம் ஒரே முழு லாரி, ஒரே இடத்தில் இறக்கம். ஒரே டென்சிட்டி. ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுக்கிறோம். இப்போது நிற்கும் சரக்கை இரண்டு கடையும் சேர்ந்து தீர்க்க ஒரு மாத லாரியை மட்டும் நிறுத்திவையுங்கள். அதைக் காலக் கெடுவின் கடைசியில் ஒரு மாதம் கூட்டி எடுத்துக்கொள்கிறோம். இதற்கெல்லாம் பன்னிரண்டு, இரண்டு கடைச் சரக்குக்கும்.

மேலாளர் கால்குலேட்டரைத் தட்டினார். வெகுநேரம் தட்டினார்.

"காகிதத்துல நான் இழக்கறது அதிகம் சார்" என்றார். "ஆனா உங்க ஆயிரத்து இருநூறு காகிதத்துல மட்டும்தான் இருக்குன்னு மூணாவது மாசமே தெரிஞ்சுபோச்சு. வருஷக் கடைசியில உங்ககிட்ட வித்தியாசத்தைக் கேட்டுச் சண்டை போட்டு, பதினொரு வருஷத்து ஆளை அனுப்பறதைவிட, உண்மையா எடுக்கற நூத்திப்பத்து எனக்குப் போதும்."

ஆனால் ஒரு நிபந்தனை. ஒப்பந்தமும் பில்லும் ஒரே பெயரில். இரண்டு பேர் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை. யார் பெயரில்?

குஷன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஏற்கெனவே இருப்பது இவர் பெயரில்தானே, அதுவே இருக்கட்டும் என்றார் சகலை, பேனா மூடியைக் கழற்றிக்கொடுத்தபடி.

கீழே கிடங்கு வாசலில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபோது குஷன்காரருக்கு ஒன்று புரிந்தது. பில் தன் பெயரில். இனி சகலை ஃபோம் வாங்குவது தன்னிடம். எந்த விலைக்குக் கொடுப்பது என்று சொல்ல வேண்டியவர் தான். கட்டைவிரல் தானாக ஸ்கூட்டர் சீட்டை அழுத்தியது.

"உங்களுக்குப் பதினொண்ணரையில போட்டுடறேன்" என்றார்.

"அரை?"

"இறக்குக் கூலி. என் பட்டறையிலதானே இறங்குது."

சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்கவில்லை. சகலை ஒரு கணம் யோசித்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "தாராளமா எடுத்துக்குங்க சகலை. எனக்கு முன்னைக்கு அரை கூடத்தானே வருது. ரெண்டு மாசத்துச் சரக்கை ஒண்ணா அடைச்சு வைக்கற தொல்லையும் விட்டுது, அறுபதுன்னா கடையிலேயே அடங்கிடும்."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, "அந்த அரைக்குத் தங்கச்சிகிட்ட நான் என்னன்னு சொல்ல?" என்று மட்டும் கேட்டாள். இறக்குக் கூலி என்று சொல் என்றார். அவள் கட்டிலின் மேலிருந்த நாலு ஷீட்டையும் தானே இழுத்துக் கீழே போட்டாள். அன்றைக்கு மின்விசிறி ஓடியது. குஷன்காரர் நன்றாகத் தூங்கினார். பன்னிரண்டு தனக்கு, பதினொன்றரை அவருக்கு. அரைதான், ஆனாலும் மேலே.

இரண்டு மாதம் அந்தத் தூக்கம் நீடித்தது. கொழுந்தியாள் ஊன்றுகோலையும் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று பார்க்கப் போனார்கள். ஃபோம் அடைந்து கிடந்த பின்னறை காலியாகி, வெள்ளையடித்து, ஜன்னல் திறந்திருந்தது. அதில் இரண்டு புதுத் தையல் இயந்திரங்கள். கனத்த துணிக்கானவை, மோட்டார் சத்தமே கேட்காத ரகம். இன்னும் இரண்டு தையல்காரர் வருகிறார்கள் என்றார் சகலை. எல்லாம் உங்களால்தான் சகலை, இடம் கிடைத்ததே அதனால்தான் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதில் பொய் இல்லை. அதுதான் தாங்கவில்லை. விலையையும் அவராகவே சொன்னார். குஷன்காரர் போன வருடம் அதே இயந்திரத்துக்குக் கொடுத்ததைவிட நூற்றுக்கு ஒன்பது குறைவு.

டீ சரியான வழியில்தான் இறங்கியது. ஆனால் ருசி தெரியவில்லை.

திரும்பும்போது முதல் சிக்னலிலேயே மனைவி கேட்டாள்.

"விலையைக் கேட்டீங்களா?"

"அவரே சொன்னாரு."

"எத்தனை மெஷினா வாங்கினதுக்கு அந்த விலை? சர்வீஸும் அவங்ககிட்டயே பண்றேன்னு எழுதிக் கொடுத்தாரா? அதைக் கேட்டீங்களா?"

விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை ஓரமாக ஒதுக்கி, சற்று நேரம் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு இரு பக்கமும் பார்த்து, வந்த வழியே திருப்பினார்.

"அடுக்களைக்கு நான் போகட்டுமா?" என்றாள் மனைவி.

"வேண்டாம்" என்றார். "நானே கேட்கறேன்."